நான்காம் அத்தியாயம்: பத்து மணிக்கு உறங்குபவரும் இரண்டு மணிக்கு உறங்குபவரும்

கல்யாணம் முடிந்து, பால் காய்ச்சித் தனிக்குடித்தனம் புகுந்து, சீர்வரிசைப் பாத்திரங்களை அட்டைப் பெட்டிகளிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கி, கடைசி உறவினரையும் ரயிலேற்றி அனுப்பிய பிறகு, புதுத் தம்பதிகளிடையே முதலில் தலைகாட்டும் மனஸ்தாபம் பல வீடுகளில் நள்ளிரவில் போடப்பட்ட ஒரு விளக்கையோ, விடியற்காலையில் ஓடிய ஒரு மிக்ஸியையோ, கட்டிலின்மேல் கிடந்த ஓர் ஈரத்துண்டையோ பற்றியதாகவே இருக்கிறது. இவை அற்ப விஷயங்கள் என்ற எண்ணமே இவற்றுக்குப் பலம் சேர்க்கிறது. பணத்தைப் பற்றி ஒரு குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்லலாம் என்று தோன்றும். துண்டைப் பற்றிச் சொன்னால் நம்மை அற்பர் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்தினால் இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டு, மூன்றாம் மாதம் வேறு எதையோ காரணமாக வைத்துக்கொண்டு பெரிதாகச் சண்டை போடுகிறோம். ஆகையால் இந்த அத்தியாயத்தில் உறக்க நேரத்தைப் பற்றி விஸ்தாரமாகவும், வீட்டு ஒழுங்கைப் பற்றி அதற்கடுத்தபடியாகவும், மற்ற தினசரிப் பழக்கங்களைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்ல உத்தேசம். உறக்கத்துக்கு அதிக இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: தூக்கம் கெட்டவர்கள் மற்ற எதைப் பற்றியும் நிதானமாகப் பேசமாட்டார்கள்.

பொதுப்படப் பேசிக்கொண்டு போவதைவிட ஒரு குடித்தனத்தையே எடுத்துக்கொள்வது சௌகரியம். சென்னையில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை கொண்ட ஃபிளாட்டில் குடியேறியிருக்கும் இளந்தம்பதிகள் என்று வைத்துக்கொள்வோம். மனைவி பள்ளி ஆசிரியை; காலை ஏழேகாலுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்காக ஐந்து மணிக்கு எழுகிறார், இரவு பத்துக்குப் படுக்கிறார். கணவருக்கு வெளிநாட்டு நேரத்தை அனுசரித்து நடக்கும் ஓர் அலுவலகத்தில் பிற்பகல் மூன்று மணி முதல் நள்ளிரவு பன்னிரண்டு வரை வேலை. கேப் அவரைப் பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் இறக்கிவிடுகிறது. சாப்பிட்டு, சற்று ஓய்ந்து, இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்து ஒன்பது மணிக்கு எழுகிறார். இருவரும் ஏழு மணி நேரம் உறங்குகிறார்கள். அவர்கள் ஒருசேர உறங்குவது இரண்டிலிருந்து ஐந்து வரையான மூன்று மணி நேரம்; அதற்கு இரண்டு பக்கமும் ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்கும் வேளை. சண்டை முழுவதும் அந்த இரண்டு ஓரங்களில்தான் நிகழ்கிறது.

இவர்கள் பேச உட்காருமுன் ஓர் அநியாயத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் அதிகாலையில் எழுவது ஒரு புண்ணியமாகவும், வெயில் ஏறும்வரை படுத்திருப்பது தரித்திரத்தின் லட்சணமாகவும் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. இதன் பலனாக, ஐந்து மணிக்கு எழுபவர் எழுப்பும் சத்தமெல்லாம் கடமையின் சத்தமாகவும், நள்ளிரவில் விழித்திருப்பவர் எழுப்பும் சத்தமெல்லாம் பொறுப்பின்மையின் சத்தமாகவும் இருவர் காதிலும் விழுகின்றன. தராசின் ஒரு தட்டில் தர்மத்தை வைத்துவிட்டு மற்றத் தட்டில் உள்ளதை நிறுக்க முடியாது. ஏழு மணி நேரம் உறங்குகிறவர் எந்த ஏழு மணி நேரத்தில் உறங்கினாலும் சோம்பேறி அல்லர் என்பதை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேசுவதில் பிரயோஜனம் உண்டு.

உறங்கும் வேளை மனவுறுதியைப் பொறுத்தது அன்று என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு ருசிகரமான சாட்சியம் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டில், சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த நதானியேல் கிளைட்மன் என்ற ஆராய்ச்சியாளர், புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற தம் மாணவரை அழைத்துக்கொண்டு, அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்திலுள்ள மாமத் குகைக்குள் சென்று, சூரிய வெளிச்சம் எட்டிப்பார்க்காத ஆழத்தில் 32 நாட்கள் வாசம் செய்தார். நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி என்பதை விட்டு, இருபத்தெட்டு மணியை ஒரு நாளாக வைத்துக்கொண்டு உறங்கியும் விழித்தும் பார்ப்பது அவர்களுடைய சோதனை. இருவர் இருந்ததும் ஒரே குகை. உண்டதும் உறங்கியதும் ஒரே அட்டவணைப்படி. அப்படியிருந்தும், இருபதுகளில் இருந்த மாணவருடைய உடல் உஷ்ணம் புதிய நாளுக்கு இணங்கி ஏறி இறங்கியது. நாற்பது வயதைக் கடந்த ஆசிரியருடைய உடலோ கடைசிவரை பழைய இருபத்துநான்கு மணிக் கணக்கை விடவில்லை. சோதனையில் வெற்றி பெற வேண்டுமென்ற ஆவல் ஆசிரியருக்குக் குறைவாக இருந்திருக்குமா? உடலின் உயிரணுக்களில் இத்தகைய காலக்கணக்கு நடக்கும் விதத்தை விளக்கியதற்காக 2017-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பொதுவாக இருபது வயதை ஒட்டி இந்தக் கணக்கு மிகவும் பிந்தியிருக்கும். பிறகு வயது ஏற ஏறச் சிறிது சிறிதாக முந்திக்கொண்டு வரும். கல்யாண வயதில் இருப்பவர்களில் பலர் இரவில் விழிக்கும் சுபாவத்தினராக இருப்பதில் அதிசயமில்லை.

முதற்காரியம், ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவருவது. ஒரு நோட்டில் இருவரும் தனித்தனியாக, படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், நடுவில் எழுப்பியது எது என்ற நான்கையும் மட்டும் குறிக்க வேண்டும். குற்றச்சாட்டு எழுதக் கூடாது, “உங்கள் போன்” என்று எழுதாமல் “போன் வெளிச்சம், 1.20” என்று எழுதினால் போதும். விடுமுறை நாட்களையும் விடாமல் எழுத வேண்டும். ஏனென்றால், வேலை நாளைவிட விடுமுறை நாளில் ஒருவர் இரண்டு மணி நேரம் அதிகமாக உறங்கினால், வாரம் முழுவதும் அவருக்குத் தூக்கம் பற்றவில்லை என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

நம் தம்பதிகளுடைய நோட்டைப் புரட்டினால் இப்படி இருக்கக்கூடும். மனைவியை எழுப்பியவை: வாசற்கதவின் தாழ்ப்பாள், ஹாலின் குழல்விளக்கு கதவிடுக்கின் வழியாக முகத்தில் அடித்தது, தட்டு கழுவும் ஓசை, படுத்தபின் பார்த்த போனின் வெளிச்சம். கணவரை எழுப்பியவை: ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறையாக நான்குமுறை அடித்த அலாரம், பீரோக் கதவின் கிரீச்சொலி, மிக்ஸி, குக்கர் விசில், பால்காரர் அடித்த காலிங் பெல். இப்பொழுது கணக்குப் பார்ப்போம். மனைவியின் உறக்கத்தைக் கணவர் காக்க வேண்டியது, அவர் வீட்டுக்கு வந்த பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டு மணி வரை, ஒன்றேகால் மணி நேரம். கணவரின் உறக்கத்தை மனைவி காக்க வேண்டியது, ஐந்திலிருந்து ஏழேகால் வரை, இரண்டேகால் மணி நேரம். ஒரு மணி நேரம் அதிகமாகச் சிரமப்படுபவர் மனைவி; அதே நேரத்தில், அறியாமலேயே அதிகச் சத்தம் எழுப்புபவரும் அவரே. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் பார்த்துத்தான் அதுவரை ஆளுக்கொரு பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே உறக்கத்தின் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓர் இரவின் உறக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வட்டங்களாகச் செல்கிறது. ஆழ்ந்த நித்திரை பெரும்பாலும் முதல் மூன்றிலொரு பாகத்தில் அமைந்துவிடுகிறது. பின்பாகத்தில் கனவுறக்கமும் மேலோட்டமான உறக்கமுமே மிகுதி. இந்த வீட்டில், சத்தம் வரும் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் கணவர் தமது உறக்கத்தின் பின்பாகத்தில் இருக்கிறார்; சிறு ஓசையும் அவரை எழுப்பிவிடும். வெளியே வெளிச்சமும் வந்துவிட்டதால், ஒருமுறை எழுந்தால் மறுபடி கண்மூடுவது கடினம். மனைவியோ பன்னிரண்டே முக்காலுக்கு எழுப்பப்பட்டால், அதற்குள் ஆழ்ந்த உறக்கத்தில் பெரும்பகுதியை முடித்திருப்பார். ஆனால் “இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது” என்ற கவலையே அவரை விழித்திருக்கச் செய்யும். ஒருவருக்கு ஓசை சத்துரு, மற்றவருக்கு மணிக்கூடு சத்துரு. ஆகையால் மனைவியின் பக்கத்தில் சுவர்க்கடிகாரத்தையும் போனையும் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது, கதவுக்கு எண்ணெயிடுவதற்குச் சமமான பரிகாரம்.

காலைப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். அலாரம் ஒரே ஒருமுறைதான் அடிக்க வேண்டும். எழுபவருக்கு நான்குமுறை தேவை என்றால், அவர் மணிக்கட்டில் அதிரும் கைக்கடிகாரத்தையோ தலையணைக்கடியில் அதிரும் போனையோ வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு உடுத்தவேண்டிய புடவை, கைப்பை, திருத்திய நோட்டுகள் யாவும் இரவு ஒன்பதரைக்கே ஹாலுக்கு வந்துவிட வேண்டும். காலையில் பீரோவைத் திறக்கும் அவசியமே இருக்கக் கூடாது. சட்னியை மாலையில் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் தாளிதம் மட்டும் செய்துகொள்ளலாம். சாதத்தைக் குக்கரில் வைக்காமல் பானையில் கொதிக்கவிட்டுக் கஞ்சி வடிக்கும் பழைய முறைக்கு விசில் கிடையாது. பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றே அதன் குறை. குக்கர்தான் வேண்டுமென்றால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்துவிடுவது ஓரளவு உதவும். பால்காரருக்கு வாசல் கம்பியில் ஒரு பை மாட்டிவிட்டால் காலிங் பெல்லுக்கு வேலையில்லை. இவ்வளவையும் செய்து முடிக்க ஆகும் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கும்; செய்ய வேண்டுமென்று ஒருவர் நினைத்துக்கொள்ளாததால்தான் ஆறுமாதச் சண்டை நடக்கிறது.

இரவுப் பக்கம் இன்னும் எளிது. தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். ஹாலில் குழல்விளக்குக்குப் பதிலாக, மேசை மட்டத்துக்குக் கீழே மங்கலான மஞ்சள் விளக்கு. படுக்கையறைக் கதவின் அடியிடுக்கில் மடித்துவைத்த பழந்துண்டு. கணவர் சாப்பிடும் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் அவரே கழுவிக்கொள்வது. இதில் கடைசி ஏற்பாட்டை வெளிப்படையாகப் பேசி வைக்காவிட்டால், ஐந்து மணிக்கு எழுபவர் தொட்டியில் தட்டைக் கண்டதும் கழுவிவிடுவார்; பத்து நாள் கழுவினால் அது அவருடைய வேலையாகவே ஆகிவிடும். போன் பார்ப்பது ஹாலோடு சரி. படுக்கையறைக்குள் வந்தபின் இல்லை என்பது கடினமான நிபந்தனை என்றாலும், அந்த வெளிச்சம் பார்ப்பவருடைய உறக்கத்தையும் தள்ளிப்போடுவதால் அவருக்கும் அதில் லாபமுண்டு.

நேரம் வேறுபடுவதால் ஒரு வசதியும் உண்டாகிறது. அதை அநேகர் கவனிப்பதில்லை. வேலைகளை ‘ஆண் வேலை’, ‘பெண் வேலை’ என்று பிரிக்காமல், சத்தமுள்ள வேலை, சத்தமில்லாத வேலை என்று பிரித்துப் பாருங்கள். கீரை ஆய்வது, காய் நறுக்குவது, உலர்ந்த துணி மடிப்பது, இஸ்திரி போடுவது, மறுநாளுக்குக் கடலை ஊறவைப்பது ஆகியவை ஒரு சப்தமுமின்றி நடப்பவை; அலுவலகத்திலிருந்து வந்து உடனே உறக்கம் வராமல் விழித்திருக்கும் ஒருவருக்கு இவை மிகவும் ஏற்றவை. நறுக்கிய காய் குளிர்பெட்டியில் காத்திருந்தால், காலையில் எழுபவருக்கு அரைமணி நேரம் மிச்சம். அலாரத்தை ஐந்தரைக்குத் தள்ளலாம். மிக்ஸி, கிரைண்டர், துணி துவைக்கும் இயந்திரம், தரை பெருக்கித் துடைப்பது ஆகியவை இருவரும் விழித்திருக்கும் வேளைக்கோ, ஒருவர் வீட்டிலில்லாத வேளைக்கோ போக வேண்டியவை. நம் தம்பதிகளின் வீட்டில் பகல் பத்திலிருந்து ஒன்று வரை கணவர் தனியாக இருக்கிறார். இயந்திரங்கள் ஓடவேண்டிய நேரம் அது.

இதையெல்லாம் எப்பொழுது பேசுவது? கணவர் பசியோடு வந்திறங்கும் நள்ளிரவில் அல்ல. எழுந்த உடனேயும் அல்ல. விழித்த பின் ஏறத்தாழ அரைமணி நேரம் புத்தி தெளியாத மந்தநிலை ஒன்று உண்டு. அந்த அரைமணியில் பேசப்பட்டவை பின்னால் திரும்பப் பெறவேண்டியவையாகவே முடிகின்றன. சனிக்கிழமை மாலைக் காப்பிக்குப் பின், நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவது உத்தமம். பேசும் முறையிலும் ஒரு பேதம் இருக்கிறது. “உங்களுக்கு என்னைப் பத்தி அக்கறையே இல்லீங்க, நடுராத்திரில இஷ்டத்துக்கு லைட்டப் போடுறீங்க” என்றால், கணவர் அக்கறை உண்டென்று நிரூபிக்கத் தொடங்குவார், விளக்கு மறந்துபோகும். “புதன்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஹால் வெளிச்சம் மூஞ்சியில அடிச்சுதுங்க, அப்புறம் மூணு மணி வரைக்கும் தூக்கமே வரல” என்றால், “கதவச் சாத்திட்டுப் போடுறேம்மா, கீழ இடுக்கும் இருக்கே, அதுக்கு என்ன பண்ணலாம்?” என்று பதில் வருவதற்கு இடமிருக்கிறது. முன்னதற்குச் சமாதானம் சொல்ல வேண்டும். பின்னதற்கு ஒரு பழந்துண்டு போதும்.

தனித்தனியாகப் படுப்பதைப் பற்றி நம்மவர்கள் பேசவே அஞ்சுகிறார்கள். ஹாலில் ஒரு பாய் விரித்தால் அது கோபத்தின் அடையாளம் என்றே நாம் வளர்ந்த வீடுகளில் பார்த்திருக்கிறோம். காலையில் வேலைக்கு வரும் அம்மாள் பார்த்தால் என்ன நினைப்பார், ஊரிலிருந்து வரும் அம்மா பார்த்தால் என்ன கேட்பார் என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஆனால், மறுநாள் தேர்வு மேற்பார்வை இருக்கிறது, அல்லது கணவருக்கு இருமல் என்னும் பட்சத்தில், ஓர் இரவு ஹாலில் படுப்பது விவேகமான ஏற்பாடு. அதற்கு ஒரே நிபந்தனை, அன்று மாலைக்குள் சொல்லி முடிவுசெய்திருக்க வேண்டும் என்பது. சண்டையின் நடுவில் தலையணையை எடுத்துக்கொண்டு போவது வேறு காரியம். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பாயை எப்பொழுது விரித்தாலும் மற்றவர் மனம் புண்படும். எல்லா இரவும் தனியே உறங்க வேண்டிய நிலை வந்தால், இருவரும் விழித்திருந்து அருகருகே இருக்க ஒரு வேளையை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நம் தம்பதிகளுக்கு வேலை நாட்களில் அப்படி ஒரு வேளையே கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையை உறவினர் வீட்டு விசேஷங்கள் முழுவதும் விழுங்கிவிடாதபடி காத்துக்கொள்வது அவர்களுக்கு உறக்கத்தைவிட முக்கியம்.

ஒருவர் மற்றவருடைய நேரத்துக்கு மாறிக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். வேலை நேரம் இடம் கொடுத்தால் ஓரளவு முடியும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிஷமாக முன்னேற்றி, எழுந்தவுடன் மொட்டைமாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நின்று, மாலைக்குப்பின் விளக்குகளை மங்கலாக்கி, பிற்பகலுக்குப்பின் காப்பியை விட்டால், ஒரு மணி நேரம், சிலருக்கு ஒன்றரை மணி நேரம்கூட, மாறும். காப்பியில் உள்ள காபீனில் பாதி உடலை விட்டுக் கழிய ஐந்து மணி நேரத்தையொட்டிப் பிடிப்பதால், மாலை ஆறுமணிக் காப்பி இரவு பதினொன்றுக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நான்கு மணி நேரத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று சபதம் எடுப்பவர் ஒரு வாரம் நடந்துகொண்டு, முதல் விடுமுறை நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார். அதை வாக்குமீறல் என்று மற்றவர் எடுத்துக்கொண்டால் புது வழக்கு ஆரம்பமாகும். உரத்த குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவது, எவ்வளவு உறங்கினாலும் பகலில் கண் சொருகுவது, வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதமாகத் தூக்கம் வராதது ஆகியவை ஒப்பந்தத்தால் தீராதவை. அவற்றுக்கு வைத்தியரிடம் போக வேண்டும்.

இனி வீட்டு ஒழுங்கு. உறக்க நேரம் பெரும்பாலும் சுபாவம்; ஒழுங்கோ பெரும்பாலும் வளர்ப்பு. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஆறு வயதிலிருந்து டம்ளரைக் கழுவி வைக்கச் சொல்லி வளர்க்கப்பட்டவரின் கண்ணுக்கு டம்ளர் தெரிகிறது. அம்மா எடுத்துக்கொண்டுபோன வீட்டில் வளர்ந்தவருக்கு அது மேசையின் ஒரு பாகமாகவே தோன்றுகிறது. ஆகையால் யார் கண்ணில் அது முதலில் படுகிறதோ அவரே எப்பொழுதும் எடுக்கிறார். எடுக்க எடுக்க மற்றவர் கண்ணில் அது ஒருகாலும் படாமலே போகிறது. “பார்த்தால் செய்திருப்பேனே” என்ற சமாதானம் பொய்யல்ல. ஆனால் அதை நியாயமாக ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பார்க்கக் கற்றுக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதி.

இதில் செய்யத்தக்கது, ‘சுத்தம்’ என்ற வார்த்தையைப் பேச்சிலிருந்து அகற்றிவிட்டு, கண்ணால் சரிபார்க்கக்கூடிய முடிவுநிலையைச் சொல்வது. “அடுப்படியைச் சுத்தமாக வை” என்பதில் இருவருக்கும் இரண்டு அர்த்தம்; “இரவு விளக்கணைக்கும்போது தொட்டியில் ஒரு தட்டுக்குமேல் இருக்கக் கூடாது, மேடை துடைத்திருக்க வேண்டும், குப்பைக் கூடை வாசலுக்குப் போயிருக்க வேண்டும்” என்பதில் அர்த்தபேதம் இல்லை. இத்தகைய வாக்கியங்கள் ஒரு வீட்டுக்கு ஆறு ஏழு போதும். பிறகு இடத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சமையலறை, குளியலறை, கட்டில் ஆகிய பொது இடங்களில் இருவருள் அதிகக் கண்டிப்பானவருடைய அளவே சட்டம். ஒவ்வொருவருக்கும் சொந்தமான ஒரு மேசையிலோ அலமாரித் தட்டிலோ மற்றவர் வாய் திறக்கக் கூடாது. ஹாலைப் பற்றித்தான் பேரம். அங்கே தளர்வானவருக்கு மூடியுள்ள ஒரு கூடை கொடுத்து, சார்ஜர், சாவி, பழைய ரசீது எதுவானாலும் அதற்குள் விழட்டும் என்று விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு.

ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரு நாற்காலி துணிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துச் சோம்பல் என்று திட்டுமுன், அந்தத் துணிகள் எவை என்று பார்க்க வேண்டும். ஒருமுறை உடுத்தியவை, பீரோவில் புதுத்துணியோடு வைக்க மனம் வரவில்லை, அழுக்குக் கூடையில் போட அவசியம் வரவில்லை. அவற்றுக்கு வீட்டில் ஓர் இடமே ஒதுக்கப்படவில்லை என்பதே விஷயம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆளுக்கு நான்கு கொக்கிகள் அடித்து, கொக்கி நிறைந்தால் அடியிலிருப்பது துவைக்கப் போகும் என்று வைத்தால் நாற்காலி உட்காருவதற்குக் கிடைக்கும். ஈரத்துண்டும் அப்படியே, காயப்போடும் கம்பி குளியலறையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தால் துண்டு கட்டிலுக்குத்தான் வரும். கம்பியை அருகே கொண்டுவருவது உபதேசத்தைவிடச் சீக்கிரம் பலிக்கும்.

பேரத்துக்கு இடமில்லாதவையும் சில உண்டு. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மை மூடியும், வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியும் ஆக வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை அதன் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். எச்சில் பாத்திரமும் சிந்திய சர்க்கரையும் இரவு முழுவதும் கிடந்தால் கரப்பானும் எறும்பும் வரும். இவற்றில் ‘எனக்கு இது போதும்’ என்ற தனிமனித ருசிக்கு மதிப்பில்லை. மடிக்காத போர்வையும் கலைந்த செய்தித்தாளும் யாருக்கும் நோய் உண்டாக்கியதில்லை. கண்டிப்பானவர் விட்டுக்கொடுக்கத் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.

மற்றப் பழக்கங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனத்தின் அளவில் தகராறு என்றால், புழுங்குகிறவருக்கு இடம் கொடுத்து, குளிர்கிறவருக்குத் தடித்த தனிப்போர்வை கொடுக்க வேண்டும். போர்த்திக்கொள்ள வழியுண்டு, தோலை உரித்துப்போட வழியில்லை. எனினும் 24 பாகைக்குக் கீழே போகவேண்டிய அவசியம் அநேகமாக இராது. இருவருக்கும் ஒரே போர்வை என்பது சினிமாவுக்கு அழகாக இருக்கலாம்; ஆளுக்கொன்று இருந்தால் இழுபறி இல்லை. குளியலறை ஒன்றே இருக்கும் வீட்டில், முதலில் புறப்படுகிறவருக்கு முதல் உரிமை. சாப்பிடும்போது போன் பார்ப்பது, பூஜைமணி அடிப்பது, தொலைக்காட்சியின் சத்தம் போன்றவற்றை, மேலே சொன்ன நோட்டில் நேரத்தோடு எழுதிப் பார்த்தாலே பாதிக்குமேல் தீர்ந்துவிடும்.

பேசி முடித்தவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு மாதம் வரைக்கும் என்று தேதியிட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் ஒட்டினால் விருந்தாளிகள் படிப்பார்கள். அந்த மாதத்தில் ஏதேனும் ஒன்று தவறினால் அன்றே கண்டிக்காமல் நோட்டில் குறித்துவைத்து, குறித்த தேதியில் எடுத்துப் பேச வேண்டும். மூன்றுமுறைக்குமேல் தவறிய ஏற்பாட்டை மனிதருடைய குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் ஏற்பாட்டின் குற்றமாகக் கொண்டு மாற்றிப் பார்ப்பது நலம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கும் நாட்களில் தாளில் உள்ளவற்றில் பாதி நடவாது, “மாப்பிள்ளை இன்னுமா எழுந்திருக்கல?” என்று கேட்கும் மாமியாருக்கு, “ராத்திரி வேலை முடிஞ்சு வந்து ரெண்டு மணிக்குத்தாம்மா படுத்தாரு” என்று பதில் சொல்லவேண்டியது மகள்தான், கணவரின் தாயார் கேட்டால் அதைக் கணவர் சொல்ல வேண்டும். அவரவர் வீட்டாருக்கு அவரவரே பதில் சொல்வது என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கணவரின் ஷிப்டு மாறினாலோ, மனைவி வேறு பள்ளிக்குப் போனாலோ, வீட்டில் ஒரு குழந்தை பிறந்தாலோ அந்தத் தாள் அன்றோடு செல்லாது. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணிக்கொருமுறை பாலுக்கு எழும். அப்பொழுது பத்து மணி, இரண்டு மணி என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டு, யார் எந்த வேளை எழுவது என்பதிலிருந்து புதிதாக எழுதத் தொடங்குங்கள்.